ரிப்பேர் செலவை வாடகையில் கழிக்கலாமா? குறிப்பு நோட்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது

வாசகி கடிதம்

வணக்கம் மேடம். தாம்பரத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் 42,000. ஓனர் திருச்சியில் இருக்கிறார். பாத்ரூம் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு ஏற்பட்டு, பக்கத்து பெட்ரூம் சுவர் ஊறிப் போனது. ஜூன் 14 அன்று போனில் சொன்னேன், ‘பார்க்கலாம்மா’ என்றார். ஜூலை 9 அன்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஜூலை 18 முதல் மெயின் அடிக்கடி டிரிப் ஆனது. பயந்துபோய் 20 அன்று பிளம்பரையும் 22 அன்று எலக்ட்ரீஷியனையும் நானே கூப்பிட்டுச் சரி செய்தேன். பிளம்பருக்கு 9,200, எலக்ட்ரீஷியனுக்கு 1,450. இதோடு சமையலறைக் குழாய் மாற்ற 650, ஃப்ளஷ் டேங்க் ரிப்பேருக்கு 800. மொத்தம் 12,100. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு, ‘அர்ஜென்ட்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் வாடகையில் இதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றதற்கு, ‘நீங்க சொல்லவே இல்லை. நானே ஆள் அனுப்பியிருப்பேனே, அதுக்குள்ள என்ன அவசரம்? முழு வாடகையும் போடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். என் நோட்டு போதாதா? வீட்டில் எது கெட்டாலும் ஓனர்தானே செய்ய வேண்டும்? பிளம்பர் கொடுத்தது கையால் எழுதிய பில், அது செல்லுமா?

— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: ஆகஸ்ட் வாடகையில் 12,100 ரூபாயைக் கழித்துவிட்டு 1,900 மட்டும் அனுப்ப வேண்டாம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை முழுவதும் ஓனர் தர வேண்டியது இல்லை. அவர் தர வேண்டியதையும் ஒரே மாதத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இரண்டாம் அட்டவணை, எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது பைப் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய், வாஷர், டாய்லெட் ரிப்பேர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு நீக்குவது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். அதனால் ஒப்பந்தத்தை எடுத்து ரிப்பேர் பற்றிய பத்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் குழாய் 650, ஃப்ளஷ் டேங்க் 800, இரண்டும் உங்கள் செலவு. ‘எது கெட்டாலும் ஓனர்’ என்பது நிறையப் பேர் நினைப்பதுதான், ஆனால் சட்டத்தில் அப்படி இல்லை. சுவருக்குள் போகும் பைப் 9,200 அவருடையது. எலக்ட்ரீஷியன் பில்லைப் பிரித்து எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு வயர் மாற்றவும் கூலியும் 1,100, சுவிட்ச் 350 என்று வைத்துக்கொண்டால், 1,100 அவருடையது. சுவிட்ச் சாதாரணமாக உங்கள் பொறுப்பு. ஈரம் இறங்கியதால்தான் அது கெட்டது என்று எலக்ட்ரீஷியன் எழுதித் தந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். எழுதித் தராவிட்டால் 350 ரூபாய்க்காகச் சண்டை போட வேண்டாம். ஆக, உறுதியாகக் கேட்கக்கூடியது 10,300.

இனிக் கழிக்கும் முறை. ஒத்துக்கொண்ட அல்லது அட்டவணைப்படி செய்ய வேண்டிய ரிப்பேரை ஓனர் மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்று பிரிவு 15 சொல்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு அது 7,000. அதாவது ஒரு மாதம் 7,000, அடுத்த மாதம் 3,300. இதைத் தாண்டிக் கழித்தால் கூடுதலாகக் கழித்தது வாடகைப் பாக்கியாகப் பார்க்கப்படும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் அதையே காரணமாக வைத்துக் காலி செய்யச் சொல்லி ஓனர் மனுப் போட முடியும். ‘ரிப்பேர் பண்ணாத ஆளுக்கு வாடகை எதற்கு?’ என்று நிறுத்திவிட்டு என்னிடம் வருபவர்கள், நியாயம் கையில் இருந்தும் தோற்கும் நிலையில்தான் வருகிறார்கள்.

‘மறுத்தால்’ என்ற சொல்லில்தான் உங்கள் சிக்கல்

உங்கள் ஓனர் மறுத்தாரா? ‘பார்க்கலாம்மா’ என்பது மறுப்பு இல்லை. வாட்ஸ்அப்புக்குப் பதில் வராததை மட்டும் வைத்து மறுப்பு என்று அடித்துச் சொல்வதும் கடினம். இந்த இடத்தில் பழைய சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் பிரிவு 108 கொஞ்சம் கை கொடுக்கிறது. தான் செய்ய வேண்டிய ரிப்பேரைப் பற்றி அறிவிப்பு கிடைத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் ஓனர் செய்யாமல் விட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்பது அதன் சாரம். ஆக, எந்தத் தேதியில் அறிவிப்பு போனது, அதற்குப் பிறகு எவ்வளவு நாள் விட்டீர்கள், அந்த நாட்கள் ஏன் போதுமானவை என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். குறிப்பு நோட்டின் வேலை இந்த மூன்றையும் காட்டுவதுதான்.

உங்கள் நோட்டில் ஜூன் 14 இருக்கிறது. ஆனால் அது நீங்களே எழுதியது. போனின் கால் ஹிஸ்டரி அன்று பேசினீர்கள் என்று காட்டும், என்ன பேசினீர்கள் என்று காட்டாது. நிரூபிக்கக்கூடிய அறிவிப்பு ஜூலை 9 வாட்ஸ்அப்தான். அதிலிருந்து பிளம்பர் வந்த 20 வரை 11 நாள். சாதாரண ஈரத்துக்கு 11 நாள் போதுமா என்று கேட்கலாம். ஆனால் 18 முதல் மெயின் டிரிப் ஆனது நிலைமையையே மாற்றிவிட்டது. ஈரச் சுவரில் மின்கசிவு என்றால் அது உயிர் விஷயம். அதற்கு இரண்டு நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் ‘சொல்லவே இல்லை’ என்றும் ‘அதுக்குள்ள என்ன அவசரம்’ என்றும் சொல்கிறார். இரண்டாவது வாக்கியம், அவருக்கு விஷயம் முன்பே தெரியும் என்பதைக் காட்டுகிறது. அதே வாக்கியம் ‘நான் மறுக்கவில்லை’ என்று அவர் வாதிடவும் உதவும். இரண்டு பக்கமும் வெட்டும் சான்று இது, இருந்தாலும் உங்களிடம் இருப்பதில் நல்லது.

நோட்டு ஆதாரமா?

நாமே எழுதி நாமே வைத்திருக்கும் நோட்டு தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. ஆனால் சம்பவம் நடந்த கையோடு எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்லச் சட்டம் அனுமதிக்கிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு வரியும் ஒரு மெசேஜ், ஒரு பில், ஒரு போட்டோ, ஒரு பணப் பரிமாற்றத்தைச் சுட்டிக் காட்டினால், சிதறிக் கிடக்கும் அந்தச் சான்றுகளுக்கு அது ஒரு முகப்புப் பக்கமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. விட்டுப்போன தேதிகளை இப்போது உட்கார்ந்து, அன்றே எழுதியதுபோல நிரப்பாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையோட்டம், ஒரே மாதிரி வரிகள் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். உண்மையான வரிகள் மீதும் அப்புறம் சந்தேகம் விழும். நினைவிலிருந்து எழுதுவதாக இருந்தால், ‘ஜூலை 30 அன்று நினைவிலிருந்து எழுதியது’ என்று வெளிப்படையாகப் போடுங்கள்.

இனிமேல் எப்படி எழுதுவது

பெரிய ஏற்பாடு வேண்டாம். நோட்டில் கோடு போட்டாலும் சரி, கூகுள் ஷீட்டில் வைத்தாலும் சரி, எட்டுக் கட்டம் போதும்: எண், எழுத்தில் சொன்ன தேதி, எங்கே என்ன, அவசரம், யார் பொறுப்பு, வேலை பார்த்தவர், செலவு, முடித்த தேதி. உங்கள் பைப் விஷயம் அதில் இப்படி இருக்கும்:

எண் 4. ஜூலை 9, வாட்ஸ்அப், 3 போட்டோ. பாத்ரூம் கிழக்குச் சுவருக்குள் பைப் கசிவு, பெட்ரூம் சுவர் ஈரம். அவசரம்: இந்த வாரம், ஜூலை 18 முதல் உடனடி, மெயின் டிரிப் ஆவதால். பொறுப்பு: ஓனர். பிளம்பர், போன் எண், பில் தேதி ஜூலை 20. செலவு 9,200, நான் கொடுத்தது, யுபிஐ. வேலை முடிந்தது ஜூலை 20, கவனிப்பில்.

‘எழுத்தில் சொன்ன தேதி’ என்ற கட்டத்தில் போன் பேச்சை எழுதாதீர்கள். போனில் சொன்னால் அன்று மாலையே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: ‘இன்று போனில் பேசியபடி, பாத்ரூம் சுவர் கசிவைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். எந்தத் தேதி என்று சொல்லுங்கள்.’ ஜூன் 14 அன்று இந்த இரண்டு வரி போயிருந்தால் இன்று உங்கள் கணக்கில் 11 நாளுக்குப் பதிலாக 36 நாள் நின்றிருக்கும்.

அடுத்தது அவசரம். நீங்கள் சொட்டும் குழாயையும் மின்கசிவையும் ஒரே ‘அர்ஜென்ட்’டில் வைத்திருக்கிறீர்கள். எல்லாமே அர்ஜென்ட் என்றால் படிப்பவருக்கு எதுவும் அர்ஜென்டாகத் தெரியாது. மூன்று நிலை போதும். மின்சாரம், தண்ணீர் பெருக்கு, வாசல் கதவுப் பூட்டு போல ஒரு நாள் விட்டாலும் ஆபத்து என்றால் ‘உடனடி’. விட விடப் பெரிதாகும் என்றால் ‘இந்த வாரம்’. தொந்தரவு மட்டும்தான் என்றால் ‘பொறுக்கலாம்’. பக்கத்தில் ஒரு வரி காரணமும் நிலை மாறினால் மாறிய தேதியும் இருக்கட்டும். மாற்றத்தை ஓனருக்கும் எழுதுங்கள். ஜூலை 18 அன்று மெயின் டிரிப் ஆனதை நீங்கள் அவருக்குச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அதுதான் உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டிரிப் ஆகும் மெயினைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். எல்லா எம்சிபியையும் இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த லைனில் டிரிப் ஆகிறது என்று தெரியும். அந்த லைனை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, அதன் பெயரை நோட்டில் எழுதி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வேலை பார்த்தவர், செலவு பற்றி. கையால் எழுதிய பில்லாக இருந்தால் ஒன்றும் தப்பில்லை. சிறு பிளம்பரிடம் ஜிஎஸ்டி பில் எதிர்பார்க்க முடியாது, ஓனர் அதைக் காரணம் காட்டித் தள்ளவும் முடியாது. பில்லில் தேதி, வீட்டு முகவரி, என்ன வேலை, பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, கையெழுத்து, போன் எண் இருக்க வேண்டும். உங்கள் 9,200-இல் டைல்ஸ் உடைத்து ஒட்டியதும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகையை ஒரே வரியில் பார்க்கும் ஓனருக்கு ‘ஒரு பைப்புக்கு ஒன்பதாயிரமா?’ என்றுதான் தோன்றும். பணத்தை பில்லில் உள்ள அதே ஆளுக்கு யுபிஐயில் அனுப்பி, குறிப்பில் ‘பாத்ரூம் பைப், எண் 4’ என்று போட்டால் பில்லும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும். உடைத்து எடுத்த பழைய எல்போவையோ பைப்புத் துண்டையோ தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் ஒரு கவரில் போட்டு தேதி எழுதி வையுங்கள். விரிசல் எந்த இடத்தில் என்பதை அது நேரடியாகக் காட்டும். இனி அவசரம் இல்லாத வேலைக்கு, செய்வதற்கு முன்பே பிளம்பர் சொன்ன தொகையை ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். ‘நானே குறைந்த காசில் செய்திருப்பேன்’ என்ற பேச்சுக்கு அதற்கு மேல் இடமிருக்காது.

போட்டோக்களின் அசலை உங்கள் போனிலேயே வையுங்கள். வாட்ஸ்அப்பில் போகும் படத்தில், எடுத்த நேரம் போன்ற உள் விவரங்கள் போய்விடும். அந்த உரையாடலில் மெசேஜ் தானாக அழியும் வசதியை நிறுத்திவிட்டு, உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் ஒரு பிரதி வையுங்கள். விவகாரம் முடியும்வரை போனை மாற்ற வேண்டாம். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும்.

முடித்த தேதி எது?

பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளை முடித்த தேதியாகப் போடுவது வழக்கம். கசிவு விஷயத்தில் அது தவறு. ஊறிய சுவர் காய வாரக் கணக்கில் ஆகும், அதற்குள் கசிவு நின்றதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. பெட்ரூம் சுவரில் ஈரம் இருக்கும் பகுதியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் போட்டோ எடுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். ஈரம் கோட்டுக்குள் சுருங்கினால் சரி. கோட்டைத் தாண்டினால் இணைப்பு சரியாகவில்லை, அல்லது கசிவு வேறு இடத்திலும் இருக்கிறது. யாரும் தண்ணீர் பயன்படுத்தாத இரவிலும் ஈரம் கூடினால் தண்ணீர் வரும் பைப்பில் சந்தேகப்படுங்கள். குளித்த பிறகு மட்டும் கூடினால் கழிவு நீர் பைப் அல்லது டைல்ஸ் இடுக்கு.

சுவர் காய்ந்த பிறகுதான் ‘முடிந்தது’ என்று எழுதி, அதே நாள் ஓனருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். திரும்பக் கசிந்தால் பழைய வரியை அழிக்காமல் ‘4-அ’ என்று புது வரி தொடங்குங்கள். வீடு காலி செய்யும்போது ‘சுவர் பாழானது உங்களால்’ என்று அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தால், கசிவு எப்போது தொடங்கியது, எப்போது சொன்னீர்கள், எப்போது நின்றது என்று இந்தத் தேதிகள் பதில் சொல்லும். 42,000 ரூபாய் அட்வான்ஸைப் பொறுத்தவரை, இன்றைய 10,300-ஐவிட இதற்குத்தான் நோட்டு அதிகம் பயன்படப் போகிறது.

கூகுள் ஷீட்டில் வைப்பதானால், B கட்டத்தில் சொன்ன தேதி மட்டும், H கட்டத்தில் முடித்த தேதி மட்டும் என்று வைத்துக்கொண்டு I2-இல் இதைப் போடுங்கள். எத்தனை நாள் நிலுவை என்று தானே காட்டும்:

```
=IF(H2="",TODAY()-B2,H2-B2)
```

ஷீட்டின் File > Settings பகுதியில் Locale என்பது India என்று இருக்கிறதா பாருங்கள். United States என்று இருந்தால் 9/7 என்று நீங்கள் போடுவது செப்டம்பர் 7 ஆகிவிடும், நாள் கணக்கும் தப்பாகும். ஷீட்டில் எப்போது எதை மாற்றினீர்கள் என்பது Version history-யில் தங்கும். பின்தேதியிட்டு எழுதவில்லை என்று காட்ட அது காகித நோட்டைவிட நல்லது.

இப்போது என்ன செய்வது

ஆகஸ்ட் வாடகையை முழுதாகக் கட்டிவிடுங்கள். கைக்கு வலிக்கும்தான், ஆனால் ‘வாடகை தரவில்லை’ என்ற ஆயுதம் அவர் கையில் இருக்கக் கூடாது. அன்றே வாட்ஸ்அப்பிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். தாக்கிப் பேசாமல் இப்படி இருந்தால் போதும்:

‘ஐயா, பாத்ரூம் சுவர் பைப் கசிவு பற்றி ஜூன் 14 அன்று போனிலும் ஜூலை 9 அன்று போட்டோவோடு வாட்ஸ்அப்பிலும் தெரிவித்தேன். ஜூலை 18 முதல் மின் இணைப்பு டிரிப் ஆனதால் ஆபத்தைக் கருதி 20, 22 தேதிகளில் வேலை செய்யப்பட்டது. பைப் 9,200, வயரிங் 1,100, மொத்தம் 10,300. பில், பணம் செலுத்திய விவரம், போட்டோ இணைத்துள்ளேன். குழாய், ஃப்ளஷ் டேங்க் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஆகஸ்ட் வாடகை முழுவதும் செலுத்திவிட்டேன். 15 நாளுக்குள் தொகையைத் தரவும், அல்லது செப்டம்பர் வாடகையில் 7,000, அக்டோபர் வாடகையில் 3,300 கழித்துக்கொள்ளச் சம்மதம் தெரிவிக்கவும்.’

குழாய், ஃப்ளஷ் டேங்க் செலவு 1,450 ரூபாயை நீங்களே ஒத்துக்கொள்ளும் வரியை விட்டுவிடாதீர்கள். மீதியைப் படிப்பவர் நம்புவது அதனால்தான். சம்மதம் எழுத்தில் வந்தால் விஷயம் முடிந்தது. ‘தர முடியாது’ என்று வந்தால் உங்களிடம் இல்லாமல் இருந்த மறுப்பு இப்போது எழுத்தில் கிடைத்துவிட்டது. ஆனாலும் நீங்களாகக் கழிக்காமல், இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுப்பதையே நான் விரும்புவேன். வேலை நடந்த பிறகு வந்த மறுப்பு என்று அவர் வாதிட இடம் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மனுவுக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? ‘11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம்’ என்று புரோக்கர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருந்து, பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒப்பந்தத்தை ஆதாரமாக வைப்பதில் சிக்கல் வரும், ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காலி செய்யக் காரணமாக ஓனர் எடுக்கவும் வழி உண்டு. மூன்று வருடத்தில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், முதலில் புது ஒப்பந்தத்துக்கு அவரை எழுத்தில் கேளுங்கள். பதிவுக்கான விண்ணப்பத்தை tenancy.tn.gov.in தளத்தில் செய்யலாம்.

‘காலி பண்ணுங்க’ என்பதற்காக இன்றே வீடு தேட வேண்டியதில்லை. வாய்ஸ் மெசேஜில் சொல்லி யாரையும் வெளியேற்ற முடியாது, அதற்கு அவர் காரணம் காட்டி மனுப் போட்டாக வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது தனிக் குற்றச்சாட்டு, உடனே வாடகை அதிகாரியிடம் போகலாம். அப்படி நடந்தால் நிறுத்திய தேதியையும் நேரத்தையும் அதே நோட்டில் அடுத்த எண்ணாக எழுதிவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.